பாடநெறியில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரே பக்கமாக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் பட்டப்படிப்புப் பாடநெறிகளில் செய்முறை வகுப்புகளையும் ஒப்படைகளையும் கவனிக்கும் உதவி விரிவுரையாளர்களுக்காக இது எழுதப்படுகிறது. மாணவர் கேட்டவற்றையும் விரிவுரையாளர் அளித்த பதில்களையும் தொகுத்து, அடுத்த அணியினரும் பயன்படுத்தக்கூடிய ஒரு பக்கமாக மாற்றும்போது எழும் ஐயங்களுக்கு இங்கே விடை தரப்படுகிறது. எடுத்துக்காட்டுகள் முதலாம் வருடப் புள்ளிவிபரவியல் பாடநெறி ஒன்றைச் சார்ந்தவை.

ஒரே கேள்வி எத்தனை தரம் வந்தால் அதைப் பக்கத்தில் சேர்க்கலாம்?

எண்ணிக்கையை விட, கேள்விகள் எந்த இடைவெளியில் வந்தன என்பதே முக்கியம். ஒப்படை வெளியான அன்றிரவே பெருந்தொகையானோர் "மூன்றாம் வினாவுக்குரிய அட்டவணை எங்கே?" என்று கேட்டிருந்தால், அட்டவணையை இணைக்க யாரோ மறந்துவிட்டார்கள் என்பதுதான் பொருள். வினாத்தாளைத் திருத்தி மீண்டும் ஏற்றியவுடன் அக்கேள்வி தானாகவே மறைந்துவிடும். அதைப் பக்கத்தில் சேர்த்துவிட்டால், இல்லாத ஒரு பிழைக்கான விளக்கத்தை அடுத்த வருட மாணவர் வாசித்துக்கொண்டிருப்பார்.

மாறாக, மூன்று பேர் மட்டுமே கேட்டிருந்தாலும், அவர்கள் வேறு வேறு அணியினராக இருந்து, வேறு வேறு ஒப்படைகளைச் செய்யும்போது ஒரே இடத்தில் தடுமாறியிருந்தால், அது பாடத்தின் உள்ளேயே இருக்கும் ஒரு சிக்கலைக் காட்டுகிறது. அத்தகைய கேள்வியே பக்கத்துக்கு உரியது. மூலத்தைத் திருத்தித் தீர்க்கக்கூடியதை மூலத்திலேயே தீர்த்துவிடுவதும், விளக்கத்தால் மட்டுமே தீர்க்கக்கூடியதைப் பக்கத்துக்குக் கொண்டுவருவதும் நல்ல நடைமுறை. ஐம்பது கேள்விகள் கொண்ட பக்கத்தை யாரும் வாசிப்பதில்லை என்பதால், இந்த முதற்கழிவில் இரக்கம் காட்ட வேண்டியதில்லை.

பழைய கேள்விகளை ஒவ்வொன்றாகத் திறந்து பிரதி எடுக்கத்தான் வேண்டுமா?

பாடத்தளம் மூடிலில் இயங்குமானால் தேவையில்லை. கலந்துரையாடல் பகுதியின் பட்டியலில் உள்ள `Export` என்பதைத் தெரிவுசெய்தால், அங்கு இடப்பட்ட எல்லாவற்றையும் எக்செல் கோப்பாகவோ `CSV` கோப்பாகவோ இறக்கிக்கொள்ளலாம். இந்த வசதி பழைய மூடில் பதிப்புகளில் இல்லை. இறக்கும்போது திகதிகளை வாசிக்கக்கூடிய வடிவில் தரும்படியும், எழுத்து வடிவமைப்புக் குறிகளை நீக்கித் தரும்படியும் கேட்க முடியும். இவ்விரண்டையும் தெரிவுசெய்யாவிட்டால் திகதி ஒரு நீண்ட எண்ணாகவும், செய்தி குறிகளால் நிறைந்ததாகவும் வரும்.

கோப்பு கைக்கு வந்தபின் முதலில் `discussion` என்ற நிரலின்படியும், அதற்குள் `id` நிரலின்படியும் வரிசைப்படுத்துங்கள். அப்போது ஒவ்வொரு கேள்வியும் அதற்கான பதில்களும் நேர ஒழுங்கில் ஒன்றன்கீழ் ஒன்றாக அமையும். `parent` நிரலில் சுழியம் இருந்தால் அது தொடக்கக் கேள்வி; வேறு எண் இருந்தால் அந்த எண்ணுடைய செய்திக்கு எழுதப்பட்ட பதில்.

அடுத்து, வேறு எதையும் செய்வதற்கு முன், `privatereplyto` நிரலைப் பாருங்கள். விரிவுரையாளர் ஒரு மாணவருக்கு மட்டும் தெரியும்படி எழுதிய பதில்களும், அவற்றைப் பார்க்கும் உரிமை உங்கள் கணக்குக்கு இருந்தால், இந்தக் கோப்பில் மற்றவற்றுடன் கலந்தே வரும். திரையில் தனிப்பட்ட பதில் என்ற அடையாளம் தெரியும். விரிதாளிலோ அது ஒரு வெறும் எண்ணாகவே நிற்கும். அந்த நிரலில் சுழியம் அல்லாத எண்ணைக் கொண்ட வரிகளை முதலிலேயே நீக்கிவிட வேண்டும். மாணவரின் பெயரையும் பயனர் எண்ணையும் தாங்கும் நிரல்களை அதே வேளையில் அகற்றிவிடுங்கள்; ஆயினும் கோப்பை வேறொருவருக்கு அனுப்புமுன், செய்திகளின் உள்ளேயே ஒருவரை அடையாளம் காட்டும் விபரங்கள் எஞ்சியுள்ளனவா என்று பாருங்கள்.

தலைப்பை வைத்துக் கேள்விகளைக் குழுவாக்கலாமா?

முடியாது. தலைப்புகளில் பாதிக்கு மேல் "சேர் உதவி", "நாலாம் கேள்வி", "அவசரம்" என்றே இருக்கும். சொற்களைத் தேடிக் குழுவாக்குவதும் அரைகுறையாகவே முடியும். ஒரு மாணவர் நியமவிலகல் என்று எழுதியதை இன்னொருவர் `SD` என்றும், மூன்றாமவர் ஆங்கில எழுத்தில் தமிழாகவும் எழுதியிருப்பார். ஆகவே, எந்த ஒரு பதிலால் இக்கேள்விகள் யாவும் தீரும் என்று பார்த்துக் குழுவாக்குவதே சரியான வழி. அதற்கு ஒவ்வொரு கேள்விக்கும் அருகில் ஒரு புதிய நிரலைச் சேர்த்து, மாணவர் எழுதியதையல்லாமல் அவர் தடுமாறியதற்கான காரணத்தை ஐந்தாறு சொற்களில் எழுதிச் செல்லுங்கள். பின்னர் அந்த நிரலின்படி வரிசைப்படுத்தினால் குழுக்கள் தாமாகவே தோன்றும்.

இந்த வேலைக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஐந்து கிணறுகளின் நீரில் ஒரு லீற்றருக்கு 4, 6, 7, 8, 10 மில்லிகிராம் நைத்திரேற்று இருந்ததாக ஒரு ஒப்படையில் கொடுக்கப்பட்டது என்று கொள்வோம். விடைத்தாளில் நியமவிலகல் 2.236. ஒரு மாணவர் தமக்கு 2 வருகிறது என்கிறார். இன்னொருவர் தமக்கு 2.588 வருகிறது என்கிறார். இருவரும் எழுதிய வசனம் ஒன்றே: "என்ர விடை சரிவருதில்லை." ஆனால் காரணம் ஒன்றல்ல.

விடைத்தாளின் எண்ணை மாணவரின் எண்ணால் வகுத்து வர்க்கித்துப் பாருங்கள். முதலாமவருக்கு 2.236 ஐ 2 ஆல் வகுத்து வர்க்கித்தால் 1.25 வருகிறது, அது சரியாக ஐந்தின் கீழ் நான்கு, அதாவது n ஐ n−1 ஆல் வகுத்த ஈவு. எனவே அவர் n−1 ஆல் வகுக்க வேண்டிய இடத்தில் n ஆல் வகுத்திருக்கிறார். இரண்டாமவரின் எண் விடைத்தாளில் உள்ளதைவிடப் பெரியது. n ஆல் வகுத்தால் விடை சிறுக்குமேயன்றிப் பெருக்காது. அவர் கடைசி எண்ணை 10 என்பதற்குப் பதிலாக 11 என்று தட்டியிருந்தால் 2.588 வரும். ஆகவே அக்கேள்வி இந்தக் குழுவுக்கு உரியதல்ல. அது பக்கத்திலேயே இடம்பெறத் தேவையில்லை.

விரிவுரையாளரே ஒரு இடத்தில் ஒன்றும் இன்னொரு இடத்தில் வேறொன்றும் சொல்லியிருக்கிறார். எதைப் போடுவது?

இதுதான் முழு வேலையிலும் கடினமான பகுதி. ஆகவே மேற்சொன்ன எடுத்துக்காட்டையே முழுமையாகச் செய்து காட்டுகிறேன். ஒரே குழுவில் மூன்று பதில்கள் கிடைத்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலாம் வாரத்தில்: "n−1 ஆல் வகுக்க வேண்டும், உயர்தரத்தில் செய்தபடி செய்யாதீர்கள்." ஆறாம் வாரத்தில்: "இதற்கு n தான், குழு முழுவதும் உங்களிடம் இருக்கிறதே." பரீட்சைக்கு முந்திய வாரத்தில்: "கல்குலேற்றரில் பிழையான விசையை எடுத்துள்ளீர்கள், `sx` ஐ எடுங்கள்."

அவசரப்பட்டால் இரண்டு தவறுகளில் ஒன்று நேரும். மிக அண்மைய பதிலே சரியானது என்று கொண்டு முந்தியவற்றை நீக்கிவிடுவது ஒன்று. மூன்றையும் அப்படியே அடுக்கி, "சிலவேளை n, சிலவேளை n−1" என்று எழுதிவிடுவது மற்றது. முன்னையதில் சரியான ஒரு பதில் தொலைந்துபோகிறது. பின்னையதோ மாணவரின் குழப்பத்தை அவரிடமே அச்சிட்டுக் கொடுக்கிறது.

உண்மையில் இம்மூன்றும் முரண்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் அது எழுதப்பட்ட கேள்வியிலுள்ள ஒரு நிபந்தனையைச் சார்ந்திருக்கிறது. அந்த நிபந்தனை விரிவுரையாளருக்கும் கேட்டவருக்கும் அப்போது தெரிந்திருந்ததால் யாரும் அதை எழுதவில்லை. எனவே ஒவ்வொரு பதிலுக்கும் மேலே ஏறி, அது எந்தத் தரவைப் பற்றியது என்று ஒப்படைத்தாளில் பார்க்க வேண்டும். நாலாம் வாரத்தில் ஐந்து கிணறுகள், ஒரு பிரதேசத்துக் கிணறுகள் யாவற்றுக்குமான மாதிரியாகக் கொடுக்கப்பட்டிருந்தன. ஆறாம் வாரத்தில் ஒரு செய்முறைக் குழுவிலுள்ள ஐந்து மாணவரின் புள்ளிகள் கொடுக்கப்பட்டு, அக்குழுவைப் பற்றி மட்டுமே கேட்கப்பட்டிருந்தது; ஆகவே அதுவே குடித்தொகை. மூன்றாவது பதில் கருத்தைப் பற்றியது அல்ல, கருவியைப் பற்றியது. இப்போது நிபந்தனையை வெளிப்படையாக எழுதிவிட்டால் மூன்றும் ஒரே பதிலுக்குள் அடங்கும்:

> என் நியமவிலகல் விடைத்தாளில் உள்ளதைவிடச் சற்றுக் குறைவாக வருகிறது. n ஆல் வகுப்பதா, n−1 ஆல் வகுப்பதா?
>
> கையிலுள்ள தரவு ஒரு பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த மாதிரியாக இருந்து, அந்தக் கூட்டத்தின் பரவலை மதிப்பிடும்படி கேட்கப்பட்டால் n−1. கேட்கப்பட்ட கூட்டம் முழுவதும் கையில் இருந்தால் n. உயர்தர இணைந்த கணிதத்தில் n ஆல் வகுத்துப் பழகியிருப்பீர்கள். இப்பாடநெறியின் பெரும்பாலான வினாக்கள் மாதிரியைப் பற்றியவை.
>
> 4, 6, 7, 8, 10 ஆகியவற்றின் இடை 7. விலகல் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 20. மாதிரியானால் 20 ஐ 4 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுக்க 2.236. குடித்தொகையானால் 5 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுக்க 2.
>
> எக்செல்லில் முறையே:

```
=STDEV.S(A2:A6)
=STDEV.P(A2:A6)
```

> கேசியோ கல்குலேற்றரில் `sx` என்பது n−1 க்கு உரியது. `σx` என்பது n க்கு உரியது. சில பழைய வகைகளில் இவை `xσn-1`, `xσn` என்று இருக்கும்.

ஏன் n−1 என்பதற்கான காரணத்தையும் இங்கே சேர்க்கலாமா என்பது விரிவுரையாளர் முடிவுசெய்ய வேண்டியது. என் கருத்தில் இரண்டு வசனங்களுக்கு இடம் கொடுக்கலாம். விலகல்களை மாதிரியின் சொந்த இடையிலிருந்து அளக்கும்போது அவற்றின் வர்க்கக் கூட்டுத்தொகை இயன்ற அளவில் மிகச் சிறியதாகவே அமைகிறது. இதே எண்களை 7 இலிருந்து அல்லாமல் 8 இலிருந்து அளந்தால் கூட்டுத்தொகை 20 அல்ல, 25. உண்மையான இடை நமக்குத் தெரியாததால் நாம் எப்போதும் குறைவான பக்கத்திலேயே நிற்கிறோம், அதை மாறற்றிறனில் ஈடுசெய்யவே வகுக்கும் எண்ணை ஒன்றால் குறைக்கிறோம். இதை வாசித்த மாணவர் விதியை மனனம் செய்யவேண்டியதில்லை. ஆனால் இதற்கு மேல் நீண்டால் அது விரிவுரையாகிவிடும். விரிவுரைக் குறிப்பின் உரிய பக்கத்துக்கு ஒரு இணைப்பு போதும்.

சேர் எழுதிய வசனத்தை அப்படியே போடுவதுதானே மரியாதை?

கேட்டவருக்கு எழுதிய வசனம் கேட்காதவருக்குப் பெரும்பாலும் விளங்காது. "நேற்று வகுப்பில் சொன்னபடி", "நீங்கள் இணைத்த படத்தில் இரண்டாவது வரி", "தம்பி, மேலே பாரும்" என்பன போன்ற தொடர்கள் அந்த நேரத்தையும் அந்த ஆளையும் சுட்டி நிற்பவை. அவற்றை நீக்கி, சுட்டப்பட்ட பொருளையே அவ்விடத்தில் எழுத வேண்டும். எச்சரிக்கையாக இருக்கவேண்டியது "பெரும்பாலும்", "இந்த வினாவில் மட்டும்", "தரவு குறைவாக இருந்தால்" என்பன போன்ற தொடர்களில்தான். வசனத்தைச் சுருக்கும்போது முதலில் விழுபவை இவையே. விழுந்துவிட்டால், ஓர் இடத்துக்குச் சொன்னது எல்லா இடத்துக்குமான விதியாகிவிடும். ஆகையால் சுருக்கிய பதிலை மூலத்துடன் ஒப்பிடும்போது கருத்து சரியா என்று பொதுவாகப் பார்க்காமல், மூலத்தில் வரையறை சொல்லும் ஒவ்வொரு சொல்லும் எங்கே போயிற்று என்று தேடுங்கள்.

திருத்திய பதில் விரிவுரையாளரின் பெயரில் நிற்கப்போவதால் அவருடைய ஒப்புதல் கட்டாயம். இருபது பதில்களை ஒரே கோப்பாக அனுப்பி "சரிபார்த்துத் தாருங்கள் சேர்" என்று கேட்டால் அது பருவ இறுதிவரை அவருடைய பெட்டியிலேயே கிடக்கும். அதற்குப் பதிலாக, நீங்கள் புதிதாகச் சேர்த்த அல்லது இணைத்த வசனங்களுக்கு மட்டும் நிறமிட்டு, ஆம் அல்லது இல்லை என்று சொல்லக்கூடிய ஒரு கேள்வியை அவற்றின் அருகில் எழுதுங்கள். மேற்கண்ட எடுத்துக்காட்டில் அது இப்படி இருக்கும்: "ஆறாம் வார ஒப்படையில் குழுவையே குடித்தொகையாகக் கொண்டதால்தான் n என்றீர்கள் என எழுதியுள்ளேன், சரிதானா?" இத்தகைய கேள்விக்குத் தொலைபேசியிலேயே பதில் வந்துவிடும்.

பெயரை எடுத்துவிட்டால் மாணவர் யாரென்று தெரியாதுதானே?

தெரியும், சிறிய அணியாக இருந்தால் நிச்சயமாகத் தெரியும். "நெடுந்தீவிலிருந்து வருகிறேன், படகு ஓடாததால் செய்முறைக்கு வரமுடியவில்லை, மாற்று நாள் உண்டா?" என்ற கேள்வியில் பெயர் இல்லை; ஆனால் அந்த அணியில் குறிகட்டுவானில் படகேறுபவர் ஒருவர்தான் என்றால், பெயர் எழுதியதற்கும் எழுதாததற்கும் வேறுபாடு இல்லை. நோய், வீட்டில் மரணம், பணமுடை ஆகிய காரணங்களுடன் வரும் கேள்விகளும் அப்படிப்பட்டவையே.

இங்கே மாணவரின் சொந்த வசனத்தைக் காப்பாற்ற முயல வேண்டாம். "தவிர்க்க முடியாத காரணத்தால் செய்முறை வகுப்பைத் தவறவிட்டேன், என்ன செய்வது?" என்று பொதுவாக எழுதி, யாரிடம், எத்தகைய சான்றுடன், எவ்வளவு காலத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற பதிலைக் கொடுத்தால் போதும். ஒரு மாணவருக்கு விரிவுரையாளர் தம் தற்றுணிபில் அளித்த சலுகை, நடைமுறையாகப் பக்கத்தில் ஏறிவிடவும் கூடாது. அடுத்த வருடம் அதைக் காட்டிப் பலர் கேட்பார்கள்.

பாடத்தைப் பற்றிய கேள்விகளில் மட்டும் மாணவரின் சொற்களை இயன்றவரை விட்டுவையுங்கள். "மாதிரி நியமவிலகலின் மதிப்பீடு" என்று தலைப்பிட்டால், விடை சரிவராமல் தவிப்பவர் அதைத் தேடிக் கண்டுபிடிக்கமாட்டார்.

ஒப்படை விடைகளும் வெளியே போய்விடாதா?

அடுத்த வருடமும் அதே ஒப்படை கொடுக்கப்படுமானால் அந்த ஆபத்து உண்டு. முறையை அப்படியே வைத்துக்கொண்டு எண்களை மாற்றிவிடுங்கள். கையால் செய்து பார்க்கக்கூடிய சிறிய எண்களாக இருப்பது நல்லது.

சமர்ப்பிக்கும் திகதிகளையும் சேர்க்கலாமா?

வேண்டாம். திகதி பாடநெறிக் கையேட்டில் ஓரிடத்தில் மட்டும் இருக்கட்டும். இரண்டு இடங்களில் இருந்தால் ஒன்று பழையதாகிவிடும், மாணவர் அந்தப் பழையதைத்தான் காட்டுவார்.

மூடிலில் சொற்களஞ்சியமாக வைப்பதா, ஒரே பக்கமாக வைப்பதா?

மூடிலின் `Glossary` செயற்பாட்டில் காட்சி வடிவமாக `FAQ` என்பதைத் தெரிவுசெய்தால் ஒவ்வொரு பதிவும் கேள்வி, பதில் என்ற முறையில் தோன்றும். ஒவ்வொன்றுக்கும் தேடற்சொற்களைத் தனியாகக் கொடுக்கலாம். பலர் சேர்ந்து பராமரிக்கவும் அது வசதியானது. ஆயினும் இருபது கேள்விகளுக்குக் குறைவாக இருந்தால் சாதாரணமான ஒரு `Page` போதும் என்பது என் எண்ணம். மாணவர்களுள் பலர் கைத்தொலைபேசியில், சிலவேளை மெதுவான இணைப்பில் வாசிக்கிறார்கள். ஒரு முறை திறந்தால் முழுவதும் வந்துவிடும் பக்கம் அவர்களுக்கு இலகுவானது, உள்ளே தேடுவதும் அச்சிடுவதும் எளிது. எதைத் தெரிவுசெய்தாலும் அதற்கான இணைப்பு, கேள்வி எழுதத் தொடங்கும் இடத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும். பாடநெறிப் பக்கத்தின் அடியில் வைத்தால் யாருடைய கண்ணிலும் படாது.

பக்கம் பயன்படுகிறதா என்று எப்படி அறிவது?

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண் அதிகம் சொல்லாது. பக்கம் வெளியான பின்னும் வரும் கேள்விகளின் வடிவத்தைப் பாருங்கள். பக்கத்தில் பதில் உள்ள கேள்வி அதே வடிவில் மீண்டும் வந்தால் மாணவர் அதைக் காணவில்லை. தலைப்பிலுள்ள சொற்களை, அவர் இப்போது எழுதிய சொற்களுக்கு ஏற்ப மாற்றுங்கள். "பக்கத்தில் மாதிரி என்றால் n−1 என்று போட்டிருக்கிறது, ஆனால் இந்தத் தரவு மாதிரியா இல்லையா என்று எப்படித் தெரியும்?" என்று வந்தால் அவர் கண்டிருக்கிறார், வாசித்திருக்கிறார், பதிலின் நிபந்தனை அவருக்குப் போதவில்லை. அப்போது புதிய கேள்வி ஒன்றைச் சேர்க்காமல், பழைய பதிலின் முதல் வசனத்துக்குப் பின் கிணறுகளையும் செய்முறைக் குழுவையும் அருகருகே வைத்துக் காட்டும் இரு வரிகளைச் சேர்க்க வேண்டும்.

ஒவ்வொரு பதிலின் கீழும் அது கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட மாதத்தையும், யாருடைய ஒப்புதல் பெற்றது என்பதையும் எழுதிவையுங்கள். விரிவுரையாளர் மாறும்போதும், பாடத்திட்டமோ பரீட்சையில் அனுமதிக்கப்படும் கல்குலேற்றர் வகையோ மாறும்போதும், எந்தப் பதில்களை முதலில் திறந்து பார்க்க வேண்டும் என்பது அந்த ஒரு வரியிலிருந்து தெரிந்துவிடும். இரண்டு அணிகள் தொடர்ந்து எவரும் கேட்காத கேள்வியை உடனே அழிக்காமல், பக்கத்திலிருந்து எடுத்து உங்கள் விரிதாளில் வைத்திருங்கள். பழைய ஒப்படை திரும்பக் கொடுக்கப்படும் வருடத்தில் அது மீண்டும் தேவைப்படும்.